பெயர் வேறு, முகம் ஒன்று: சாயல் பொட்டலங்களிடமிருந்து ஒரு சிறு மசாலா நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை

குடியாத்தத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தபோது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து, "அண்ணா, டேக்சா போட்ட செவப்பு பாக்கெட்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்டான். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலேயே மேலே தொங்கிய சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து அவனிடம் கொடுத்தார். அது எங்கள் பிரியாணி மசாலா அல்ல. செங்கல் சிவப்புப் பின்னணி, நடுவில் மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் மூடி சற்றே சாய்ந்து ஆவி பறக்கும் செப்பு டேக்சா, அடியில் பச்சைப் பட்டை என்று எல்லாம் எங்கள் பொட்டலத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தன. பெயர் மட்டும் வேறு, அதில் ஓர் எழுத்துகூட எங்கள் பெயரோடு ஒத்துப்போகவில்லை.

எங்கள் ஐம்பது கிராம் பொட்டலத்தை நாற்பது ரூபாய்க்கு விற்றால் கடைக்காரருக்கு ஐந்து ரூபாய் நிற்கும். அந்தப் பொட்டலம் அவருக்கு இருபத்திரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது, முப்பத்தைந்துக்கு விற்றது. எனவே அவர் கை எந்தச் சரத்தை நோக்கிப் போகும் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறோமே என்ற நம்பிக்கையோடு நான் வேலூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். அவர் சான்றிதழைப் படித்துவிட்டு, "நீங்க பதிஞ்சது பெயரை மட்டும்தாங்க, அவங்க பெயரைத் தொடவே இல்லையே" என்றார். அன்று தொடங்கி நான் கற்றுக்கொண்டவற்றை, புதிதாகப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

பொட்டலத்தில் எது உங்கள் அடையாளம்?

வடார்க்காட்டுப் பகுதியில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூடுதலாக முக்கியமானது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் ஆகிய ஊர்களில் தமிழ், உருது, தெலுங்கு ஆகிய மூன்றும் கடைத்தெருவில் கலந்து புழங்குகின்றன. வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசும் வாடிக்கையாளர்களில் பலர் பொட்டலத்தின் மேல் உள்ள தமிழ் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தையும் நிறத்தையும் வைத்தே கேட்கிறார்கள். ஆகவே உங்கள் சரக்கு விற்கும் ஐந்தாறு கடைகளுக்குச் சென்று, வாங்க வருபவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். "டேக்சா பாக்கெட்டு", "செவப்பு மசாலா" என்பன போன்ற விடைகள் வந்தால், நீங்கள் காக்க வேண்டியது பெயரை மட்டுமல்ல என்பது தெளிவாகிவிடும்.

நீதிமன்றமும் ஏறக்குறைய இதே கண்ணோடுதான் பார்க்கிறது. பார்லே நிறுவனத்துக்கும் மைசூரைச் சேர்ந்த ஜே.பி. அண்ட் கோ நிறுவனத்துக்கும் இடையே பிஸ்கட் உறை பற்றி நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்புக் கூறியது. இரண்டு உறைகளிலும் ஒரு பெண், அருகில் மாடு, முன்னால் கோழிகள், பின்னால் வேலியோடு ஒரு பண்ணை வீடு இருந்தன. அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கீழ் நீதிமன்றங்கள் வேறுபாடுகளை எண்ணி வழக்கைத் தள்ளியிருந்தன. உச்ச நீதிமன்றமோ, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு தேடுவது சரியான முறை அல்ல என்றும், இன்று ஓர் உறையைப் பார்த்தவர் வேறொரு நாளில் மற்றதைக் கண்டால் முன்பு பார்த்த அதே பொருள் என்று நினைத்துவிடுவாரா என்பதே கேள்வி என்றும் சொல்லி, பார்லேவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் பொட்டலத்தையும் போலியையும் மேசைமேல் ஒன்றாக வைத்து, "இதில் ஆவி மூன்று கோடு, அதில் நான்கு கோடு" என்று ஒருவர் வாதிட்டால் மனம் தளர வேண்டாம்.

வரைந்தவரிடமிருந்து எழுத்து வாங்குங்கள்

எங்கள் பொட்டலத்தை வரைந்தவர் வெளியே தனியாகத் தொழில் செய்யும் ஓவியர். பணம் கொடுத்தோம், ரசீதுகூட வாங்கவில்லை. பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே படம் சொந்தம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்கு உரிமை வரும். வெளியாள் வரைந்தால், எழுத்து மூலம் மாற்றித் தரும் வரை உரிமை பொதுவாக அவரிடமே நிற்கும்.

அந்த எழுத்தில் படம் எது என்பதையும், எந்தெந்த உரிமைகள் மாற்றப்படுகின்றன என்பதையும், கொடுத்த தொகையையும் குறிப்பிட்டு, வரைந்தவரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே மாற்றியதாகச் சட்டம் கருதும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கருதும். எனவே "பதிப்புரிமை நீடிக்கும் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் முதல் கரட்டு வரைவுகளையும், கணினியில் உள்ள மூலக் கோப்பையும் அப்போதே வாங்கி வைப்பது நல்லது. யார் முதலில் வரைந்தது என்ற கேள்வி பின்னால் எழும்போது, பென்சிலால் திருத்திய அந்தக் காகிதம்தான் பேசும். நாங்கள் ஆறு ஆண்டுகள் கழித்து அந்த ஓவியரைத் தேடிப்போய் எழுத்து வாங்கினோம். அவர் நல்ல மனிதர், உடனே கையெழுத்திட்டார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நம்பியிருக்க முடியாது.

படம் வரைந்த உடனே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்ய விரும்பினால், சரக்கின் மேல் பயன்படும் படங்களுக்கு, அதே போன்ற டிரேட்மார்க் வேறு எவர் பெயரிலும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடமிருந்து ஒரு சான்று பெற்று இணைக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் TM-C.

பெயருக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று

1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம் பெயரை மட்டுமல்லாமல், லேபிள், பொட்டல அமைப்பு, நிறங்களின் சேர்க்கை ஆகியவற்றையும் குறியாக ஏற்கிறது. எனவே TM-A படிவத்தில் பெயருக்காக ஒரு விண்ணப்பமும், பொட்டலத்தின் முன்பக்கம் முழுவதற்கும் தனியாக இன்னொரு விண்ணப்பமும் போடுங்கள். மசாலாப் பொருட்கள் 30-ஆம் வகுப்பில் வரும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் கையில் இல்லாமல் விண்ணப்பித்துவிட்டு இரட்டிப்புக் கட்டணம் கட்டியவர்களை நான் அறிவேன். விண்ணப்பத்துக்கு முன் ipindia.gov.in தளத்தில் உள்ள தேடல் வசதியில் பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாமல், படக் குறிகளையும் தேடிப் பாருங்கள். தமிழகத்து விண்ணப்பங்களுக்குரிய பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. ஆனால் வேலை முழுவதும் இணையத்திலேயே நடக்கும்.

லேபிளை வண்ணத்தில் தருவதா, கறுப்பு வெள்ளையில் தருவதா என்பது எல்லோரும் தடுமாறும் இடம். நிற வரம்பு இல்லாமல் பதிவான குறி எல்லா நிறங்களுக்கும் பதிவானதாகவே சட்டத்தின் 10-ஆவது பிரிவு கருதுகிறது. ஆகவே உங்கள் படமே தனித்தன்மை உடையதாக இருந்தால் கறுப்பு வெள்ளைப் பதிவு அகலமான காப்பு தரும். மாறாக, பிரியாணிப் பானை, மிளகாய், கொத்தமல்லித் தழை போன்று ஊரில் எல்லோரும் போடும் படங்களைத்தான் நீங்களும் போட்டிருக்கிறீர்கள், உங்களை வேறுபடுத்துவது நிறங்களும் அவை அமைந்த வரிசையும்தான் என்றால், வண்ணத்தில் பதிவு செய்வதே பொருத்தம் என்பது என் கருத்து. இரண்டுக்கும் பணம் இருந்தால் இரண்டையும் செய்யலாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: லேபிளைப் பதிவு செய்தால் லேபிள் முழுமையாகத்தான் உங்களுடையது, அதில் உள்ள பானையோ "பிரியாணி மசாலா" என்ற சொல்லோ தனியாக உங்களுக்கு உரிமையாகிவிடாது.

விண்ணப்பத்தில் எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்விக்கு உண்மையான தேதியைக் கொடுத்து, அதற்கு ஆதாரமான பழைய பில்லை இணையுங்கள். கடை தொடங்கிய தேதியை எழுதிவிட்டு, அந்தப் பொட்டல வடிவம் நான்கு ஆண்டுகள் கழித்தே வந்தது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் உங்கள் பேச்சு முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும். பதிவகம் ஆட்சேபம் எழுப்பினால் அறிக்கை கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பிறகு டிரேட்மார்க் இதழில் வெளியிடப்பட்டு, நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும். பதிவு எப்போது முடிந்தாலும் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்காகும், பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த அன்றே ™ போடலாம், ® போடுவது பதிவு முடிந்த பின்புதான்.

அச்சகத்தில் இருக்கும் சிலிண்டர்

போலிக்காரர் எங்கள் பொட்டலத்தை இவ்வளவு துல்லியமாக எப்படிச் செய்தார் என்பதை ஆராய்ந்தபோது தெரிய வந்த செய்தி இது. மசாலாப் பொட்டலத்துக்கான படலம் பெரும்பாலும் கிராவூர் முறையில், நிறத்துக்கு ஒரு சிலிண்டர் என்ற கணக்கில் செதுக்கி அச்சாகிறது. அந்தச் சிலிண்டர்களுக்கு நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள், ஆனால் அவை அச்சிட்டுத் தருபவரின் கிடங்கிலேயே இருக்கின்றன. பெயர் வரும் சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற நிறங்களுக்குப் பழையவற்றையே ஓட்டினால், இன்னொருவருக்கு உங்கள் முகத்தோடு ஒரு புதுப் பொட்டலம் செலவில்லாமல் கிடைத்துவிடும். அந்தப் போலியின் பச்சைப் பட்டையில், எங்கள் பொட்டலத்தில் இருந்த அதே மயிரிழைக் கீறல் அதே இடத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எனவே ஆர்டர் கொடுக்கும்போதே, சிலிண்டர்கள் உங்கள் உடைமை என்றும், அவற்றைப் பிறருக்கு ஓட்டக் கூடாது என்றும், வடிவத்தை மாற்றும்போது உங்கள் முன்னிலையில் செதுக்கலை அழிக்க வேண்டும் என்றும் ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அச்சில் கழிந்த படலம் கிலோ கணக்கில் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். உங்கள் சொந்தக் கிடங்கில் மிஞ்சும் பழைய ரோலைக் கிழித்த பிறகே பழைய பொருள் வாங்குபவருக்குப் போடுங்கள்.

சாயல் பொட்டலம் கண்ணில் பட்ட பிறகு

முதலில் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். அவர் விற்பவர், செய்தவர் அல்லர், நாளைக்கு உங்கள் சாட்சியாக வரக்கூடியவரும் அவரே. இரண்டு மூன்று கடைகளில் பொட்டலத்தை விலைக்கு வாங்கி, பில் கேட்டுப் பெறுங்கள். சிறு கடைகளில் பில் தரமாட்டார்கள் என்பதால், வேலூரின் மண்டித் தெரு, லாங் பஜார் போன்ற இடங்களில் உள்ள மொத்த வியாபாரிகளிடம் சரமாக வாங்குவது எளிது. பிரிக்காமல் ஓர் உறையில் போட்டு, வாங்கிய கடை, தேதி, விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை மேலே எழுதி ஒட்டுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் அந்தக் கைபேசியை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழ் கேட்கப்படும்.

அடுத்து பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவர் பெயரும் முகவரியும், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் ஆகியவை இருக்க வேண்டும். அந்த எண்ணை உணவுப் பாதுகாப்புத் தளத்தில் தேடினால் உரிமம் யார் பெயரில் உள்ளது என்று தெரியும். எண்ணே இல்லை, அல்லது வேறொருவருடைய எண் என்றால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். அது டிரேட்மார்க் வழக்கைவிட விரைவாக நகரும். ஆனால் அது சரக்கைத் தடுக்குமே தவிர உங்கள் முகத்துக்குக் காப்பு ஆகாது. உரிமம் எடுத்து வந்து அதே பொட்டலத்தை மீண்டும் விற்கலாம்.

பிறகு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். அதில் உற்பத்தியை நிறுத்துவது, மிச்சமுள்ள படலத்தையும் சிலிண்டர்களையும் அழிப்பது, எவ்வளவு விற்றது என்ற கணக்கு, இனிச் செய்யமாட்டோம் என்ற எழுத்துறுதி ஆகிய நான்கையும் கேட்டு, பதினைந்து நாள் கெடு வையுங்கள். ஆதாரம் இல்லாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்பினால் எதிரே இருப்பவரே உங்கள் மீது வழக்குப் போட டிரேட்மார்க் சட்டத்தின் 142-ஆவது பிரிவு இடம் தருகிறது. எனவே கோப்பு தயாராகாமல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். தயாரானபின் தாமதிக்கவும் வேண்டாம். தாமதம் ஒன்றை மட்டும் காட்டித் தடையுத்தரவை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு கரப்பான் பூச்சி மருந்துப் பெட்டி வழக்கில் சொல்லியிருந்தாலும், இரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டு இருந்தவர் அவசரம் என்று கேட்பது நீதிபதியின் காதில் ஏறாது.

எந்த நீதிமன்றம்?

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தத்தில் இருக்கும் நீங்கள் ஆற்காட்டில் பொட்டலமிடும் ஒருவர்மீது எங்கே வழக்குத் தொடுப்பது? லேபிள் பதிவாகியிருந்தால், அதே சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி நீங்கள் தொழில் செய்யும் இடத்துக்குரிய மாவட்ட நிலை நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். பதிவு இல்லை என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்ப வைத்து விற்பதற்கு எதிரான 'பாஸிங் ஆஃப்' வழக்கு உண்டு. ஆனால் அதில் உங்கள் இருப்பிடம் உதவாது. எதிராளி இருக்கும் இடத்திலோ, போலி விற்ற இடத்திலோதான் தொடுக்க முடியும். வேலூர்க் கடையில் வாங்கிய அந்த ஒரு பில் அப்போது எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பாருங்கள். மேலும் பாஸிங் ஆஃப் வழக்கில், அந்த முகத்துக்கு ஊரில் பெயர் இருந்தது என்பதை நீங்களே நிறுவ வேண்டும். ஆண்டுவாரியான விற்பனைக்கு ஆடிட்டர் சான்று, விளம்பரச் செலவு, ஒவ்வோர் ஆண்டின் பொட்டலத்திலும் ஒன்று, கடைக்காரர்களின் வாக்குமூலம் ஆகியவை இதற்குத் தேவை.

வணிக வழக்குகளுக்கு முன் சமரச முயற்சி கட்டாயம் என்றாலும், அவசர இடைக்கால நிவாரணம் கேட்கும் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. இடைக்காலத் தடையுத்தரவோடு சேர்த்து, எதிராளியின் கிடங்கில் உள்ள படலத்தையும் சிலிண்டரையும் கணக்கெடுக்க வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அமர்த்தவும் கேளுங்கள். ஆணையர் போவதற்குள் சரக்கு வேறு இடத்துக்கு மாறிவிடும் என்பதால் இந்த மனுவைப் பற்றி முன்கூட்டி எவரிடமும் பேசக் கூடாது. இழப்பீட்டுத் தொகையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், இத்தகைய வழக்கில் தடைதான் பலன்.

காவல் துறை வழியும் இருக்கிறது. டிரேட்மார்க் குற்றத்தில் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி சோதனையிடலாம், ஆனால் அதற்கு முன் பதிவாளரின் கருத்தை அவர் பெற வேண்டும். உங்கள் பெயரையே அச்சடித்த அப்பட்டமான கள்ளச் சரக்கு என்றால் அந்த வழி பொருந்தும். பெயர் வேறு, முகம் மட்டும் ஒன்று என்ற சாயல் நகலுக்கு உரிமையியல் நீதிமன்றமே சரியான இடம் என்று நான் கருதுகிறேன்.

எங்கள் விவகாரம் நோட்டீஸோடு முடிந்தது. கீறல் தெரியும் இரண்டு பட்டைகளின் பெரிதாக்கிய படத்தையும், ஓவியரின் எழுத்தையும் இணைத்து அனுப்பியிருந்தோம். பதினொன்றாம் நாள் அவர்கள் வந்து எழுத்துறுதி கொடுத்தார்கள், டேக்சாவை எடுத்துவிட்டுப் பின்னணியை ஊதாவாக்கினார்கள். கடைகளில் தொங்கிய பழைய சரங்கள் தீர மூன்று மாதம் ஆயிற்று, பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் அதற்குப் பிறகும் சில கண்ணில் பட்டன. அந்த மூன்று மாதத்துக்குள் லேபிளுக்கான விண்ணப்பத்தைப் போட்டுவிட்டோம்.

சென்ற ஆண்டு பச்சைப் பட்டையை அகற்றி வடிவத்தை மாற்றியபோது, புதிய லேபிளுக்குத் தனி விண்ணப்பம் போட்ட பிறகே சிலிண்டர் செதுக்கச் சொன்னோம். பழைய லேபிளைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் அந்தப் பதிவை நீக்கக் கோரி அதனால் பாதிக்கப்பட்டவர் எவரும் மனுச் செய்யலாம் என்பதால், இருபத்தைந்து கிராம் பொட்டலத்தை மட்டும் இன்னும் பழைய முகத்தோடே விற்றுவருகிறோம்.